“கேக் ஃப்ரீ”ன்னு எழுதாதே, தம்பி



போன மாதம் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. “அண்ணா, இத படிச்சுட்டு அனுப்பலாமா வேணாமான்னு சொல்லுங்க.” அனுப்பியவர் ராயபுரத்தில் சின்ன பேக்கரி நடத்தும் ஒரு தம்பி. அப்பா காலத்துக் கடை, விறகு அடுப்பு. காசிமேட்டுக்கு மீன் ஏலம் எடுக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் டீயில் முக்கித் தின்னும் பன் அந்த அடுப்பிலிருந்துதான் போகிறது. டிசம்பரில் மட்டும் ப்ளம் கேக். கடைக்குப் பின்னால் மூடி போட்ட பெரிய ஜாடிகளில் உலர்திராட்சையும் டூட்டி ஃப்ரூட்டியும் கறுப்பு திராட்சை ஜூஸில் ஊறிக்கொண்டிருக்கும். ஜாடியைத் திறந்து அவர் ஒரு கரண்டி விட்டுக் கிளறும்போது பக்கத்துத் தையற்கடைக்காரர் தலையைத் திருப்பிப் பார்ப்பார்.

அவர் அனுப்ப நினைத்த செய்தி இதுதான்: “ஹாய் டியர், உங்க பேஜ் வேற லெவல். எங்க பேக்கரிக்கு வந்து ஒரு ரீல் போடுங்க. ரெண்டு ப்ளம் கேக் ஃப்ரீயா தர்றோம். உங்களுக்கும் நல்ல ரீச் கிடைக்கும்.”

யாருக்கு என்று கேட்டேன். திருவொற்றியூரில் இருக்கும் ஒரு பெண். பகலில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ எடுக்கிறார். பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். விளம்பர உலகத்தில் பத்தாயிரத்தைத் தாண்டினால் ‘மைக்ரோ’ என்பார்கள். அந்தக் கணக்கில் இவர் இப்போதுதான் வாசற்படியில் கால் வைத்திருக்கிறார். ஆனால் அவர் பக்கத்தை அரை மணி நேரம் பார்த்ததில் ஒன்று புரிந்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே எவ்வளவு விலை என்பதுதான் அவருடைய விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கறுத்துப்போன படகுகளையும் வலைகளையும் போய் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த வீடியோவின் கீழே கருத்து எழுதியவர்கள்தான் இன்றைக்கு அவர் காட்டும் இட்லிக் கடைக்கும் போகிறார்கள். நம் தம்பி கேட்பது, அவருக்கே இன்னும் தெரியவில்லை, அந்த நம்பிக்கையில் ஒரு துண்டு. அதற்கு விலை ரெண்டு கேக் என்கிறார்.

“அனுப்பாதே” என்றேன். மறுநாள் சாயங்காலம் கடைக்கே போனேன்.

சண்டை முதலில் ‘டியர்’இல் தொடங்கியது. முகம் தெரியாத பெண்ணை டியர் என்று நீ நேரில் கூப்பிடுவாயா? “சேச்சே, சிஸ்டர்னுதான் சொல்லுவேன்.” அப்படியானால் அதையே எழுது. ‘உங்க பேஜ் வேற லெவல்’ என்பதையும் அடித்தோம். ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பக்கூடிய வாக்கியம் அது. வாங்குகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். எந்த வீடியோ உனக்குப் பிடித்தது என்றால் சட்டென்று சொன்னார்: தேரடி மெட்ரோ பக்கத்தில் ஒரு பாட்டி சுடும் ஆப்பம். அதில் அந்தப் பெண் “மாவு இன்னைக்குக் கொஞ்சம் புளிப்பு” என்று பாட்டி முன்னாலேயே சொல்லியிருந்தார். பாட்டி சிரித்தார். “அது எனக்குப் பிடிச்சுது அண்ணா, பொய் சொல்லல.” அதுதான் முதல் வரி என்றேன்.

அப்புறம் பணம். இங்கேதான் நேரம் போனது, போகவும் வேண்டும்.

அரைக் கிலோ ப்ளம் கேக் 380 ரூபாய்க்கு விற்கிறார். பழம், முந்திரி, வெண்ணெய், முட்டை, மைதா, விறகு, கூலி, டப்பா எல்லாம் சேர்த்து அவருக்கு ஆவது 240. கையில் நிற்பது 140. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த வீடியோ ஓடினால் எத்தனை கேக் கூடுதலாகப் போட முடியும் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. வீடியோ ஓடாவிட்டால் என்ன ஆகும் என்றே கவலைப்படுகிறார்கள். ஓடிவிட்டால் வரும் கஷ்டம் வேறு மாதிரி. ஊறிய பழம் இருக்கும் அளவுக்குத்தான் கேக். டிசம்பர் இருபதில் போய் புதிதாகப் பழம் ஊறவைக்க முடியாது. அடுப்பும் விடியற்காலை முழுக்க பன்னுக்கே சொந்தம். ஜாடிகளை எண்ணி, அடுப்பு சும்மா இருக்கும் பிற்பகல்களை எண்ணி, வழக்கமான ஆர்டர்களைக் கழித்துப் பார்த்தால் எண்பது கேக் கூடுதலாகப் போடலாம். அதற்கு மேல் ஒன்று கூட முடியாது. எண்பதும் போனால் கையில் நிற்பது 11,200 ரூபாய்.

அந்தப் பெண் பக்கத்துக் கணக்கையும் போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படப்பிடிப்பு, வார நாட்களில் வேலை முடிந்து வந்து இரண்டு ராத்திரி எடிட்டிங், போகவர செலவு. ஒரு எலக்ட்ரீஷியனை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, கூலிக்குப் பதில் கேக் தருகிறேன் என்று சொல்வாயா என்றேன். தம்பி ஒன்றும் பேசவில்லை, டிரேயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், “நாலாயிரம் தரலாம் அண்ணா. கேக்கு தனி.” நாலாயிரமும் இரண்டு கேக்கின் அடக்கம் 480-ம் சேர்ந்தால் 4,480. கேக்குக்கு 140 வீதம் முப்பத்திரண்டு கேக் கூடுதலாகப் போனால் போட்ட பணம் வந்துவிடும். எண்பதில் முப்பத்திரண்டு. இது அவர் தூக்கத்தைக் கெடுக்காத எண்.

விற்பதில் கமிஷன் தரலாமே என்று அவர் மைத்துனர் இடையில் ஒரு யோசனை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை கேக் விற்றது என்ற கணக்கு கடைக்காரர் கல்லாவில் இருக்கிறது. அந்தப் பெண்ணால் அதைச் சரிபார்க்க வழியில்லை. மழையால் வியாபாரம் படுத்தால் நஷ்டம் பாதி அவர் தலையில். அவர் வீடியோ நன்றாகத்தான் எடுத்திருப்பார், கேக் தீர்ந்துபோய் ஷட்டர் இறங்கியிருக்கும். சின்னக் கடைக்கும் சின்ன கிரியேட்டருக்கும் நடுவில் நிலையான தொகைதான் சுத்தம் என்பது என் கட்சி. மைத்துனர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் பதினோராயிரம் பேரில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? இன்ஸ்டாகிராமில் கிரியேட்டருக்கு மட்டும் தெரியும் ஒரு பகுதி உண்டு, Insights என்று பெயர். பின்தொடர்பவர்கள் எந்த ஊர் என்று அதில் வரும். அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பது தப்பில்லை, தொழிலில் வழக்கம்தான். ஆனால் அது ‘சென்னை’ என்று நிறுத்திவிடும். ராயபுரமா வேளச்சேரியா என்று சொல்லாது. வேளச்சேரிக்காரர் 380 ரூபாய் கேக்குக்காக இங்கே வரப்போவதில்லை. கருத்துகளைப் படிப்பதுதான் வழி. “தேரடி தாண்டி எந்தப் பக்கம்?”, “விம்கோ நகர் இறங்கி வரலாமா?” என்று கேட்டிருந்தால் அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். நாங்கள் எண்ணிப் பார்த்த பத்து வீடியோக்களிலும் இப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

அடுத்தது கொஞ்சம் சூடான விஷயம். “கேக் பிடிக்கலன்னு வீடியோல சொல்லிட்டா?” என்றார் தம்பி. பாட்டி முன்னாலேயே மாவு புளிப்பு என்று சொல்லுகிற பெண் ஆயிற்றே. அது பிடித்துத்தானே அவரிடம் போகிறாய் என்றேன். சிரித்தார், ஆனால் முகத்தில் பயம் போகவில்லை. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: முதலில் கேக்கைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் வீடியோவே வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டாம். பிடித்தால், என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் பாடு. நாம் பார்த்துச் சரிசெய்யக் கேட்பது விலை, முகவரி, கேக்கில் இருக்கும் பொருட்கள், இவை மட்டும். ‘சூப்பர்’ என்ற சொல்லை யாரும் யாருக்கும் எழுதித் தரக்கூடாது.

இது பெருந்தன்மையால் மட்டும் சொன்னதில்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, தயாரித்தவருக்கு மட்டுமல்ல, பரிந்துரைத்தவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சொல்வது உண்மைதானா என்று உரிய அக்கறையோடு விசாரித்திருந்தால் பரிந்துரைத்தவர் தப்பலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, அந்தப் பெண் கடைக்கு வந்து ஜாடியைத் திறந்து பார்த்து, என்ன போடுகிறீர்கள் என்று குடைந்து கேட்பது அவருக்குப் பாதுகாப்பு. மைதாவும் முட்டையும் இருப்பதைச் செய்தியிலேயே எழுதிவிடச் சொன்னதும் அதனால்தான். ‘ஹெல்தி’ என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் இருவருக்கும் வம்பு.

‘விளம்பரம்’ என்று போடும் விஷயத்தில் தம்பிக்கு இன்னொரு பயம். போட்டால் யாரும் பார்க்க மாட்டார்களாம். மும்பையில் இருக்கும் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட விதிகளும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் இதில் தெளிவாக இருக்கின்றன. பணம் வாங்கினால்தான் என்றில்லை, இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு காட்டினாலும் சொல்லியாக வேண்டும். ஆகவே அந்த முதல் செய்தியின் ரெண்டு கேக்குக்கும் இது பொருந்தியிருக்கும். ஹாஷ்டேக் கும்பலுக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. பதினைந்து வினாடிக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் ஓடும் வீடியோவில், மூன்றில் ஒரு பங்கு நேரம் அந்தச் சொல் திரையில் நிற்க வேண்டும் என்பது 2021 விதி. அறுபது வினாடி ரீல் என்றால் இருபது வினாடி. வீடியோ தமிழில் இருந்தால் ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே போடலாம். இன்ஸ்டாகிராம் தரும் Paid partnership என்ற பட்டையையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவு விலாவாரியாக எழுதத்தான் வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2025 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கிஸ் கஃபே என்ற சின்ன உணவகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்தாயிரம் பேர் பின்தொடரும் ஒரு பெண், முன்கூட்டியே பேசிவைத்தபடி வீடியோ எடுக்கப் போனார். அங்கே இருந்த தலைமைச் சமையல்காரர் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு குறைவான ஆட்கள் பின்தொடரும் நீ எங்கள் தரத்துக்குச் சரிப்படமாட்டாய் என்கிற தோரணையில் பேசியிருக்கிறார். அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே வந்து நடந்ததைச் சொன்ன வீடியோ ஊரெல்லாம் பரவியது. சமையல்காரர் மன்னிப்புக் கேட்டார், விலகினார், உணவகமே மூடப்பட்டது. அவர் வாய்த்துடுக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் எனக்குத் தோன்றியது: பக்கத்தைப் பார்க்க வேண்டிய நேரம் கூப்பிடுவதற்கு முன்னால். கூப்பிட்ட பிறகு, கடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் தம்பி கடையில் அடுப்படியில் நிற்கும் மாஸ்டர் ஒரு கோபக்காரர். அவரிடம் முதலில் சொல்லிவிடு என்றேன்.

டீ இரண்டு முறை வந்தது. ஒன்பது மணிக்கு எழுதி முடித்தோம். அவர் அனுமதியோடு, கடைப் பெயர் இல்லாமல், அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்.

“வணக்கம் சிஸ்டர். ராயபுரத்துல எங்க அப்பா ஆரம்பிச்ச பேக்கரிய நான் பாத்துக்கறேன். தேரடி ஆப்பம் பாட்டி வீடியோ பாத்தேன். மாவு புளிப்புன்னு நீங்க அவங்க முன்னாடியே சொன்னது பிடிச்சுது. அதான் உங்ககிட்ட கேக்கறேன்.

டிசம்பர்ல விறகு அடுப்புல ப்ளம் கேக் போடறோம். அரைக் கிலோ 380 ரூபா. மைதா, முட்டை, வெண்ணெய், முந்திரி இருக்கு. ரம் கிடையாது, திராட்ச ஜூஸ்ல ஊறுது. இந்த வருஷம் எண்பது கேக்குதான் எக்ஸ்ட்ரா போட முடியும்.

ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு ரீல் செஞ்சு தர முடியுமா? உங்க வேலைக்கு 4,000 ரூபா, கேக்கு ரெண்டு தனி. உங்க ரேட் வேறன்னா தயங்காம சொல்லுங்க. தேதி முடிவானதும் பாதி, வீடியோ போட்ட அன்னிக்கு மீதி, ஜிபே பண்ணிடறேன்.

முதல்ல அதுல ஒரு கேக்கு குடுத்தனுப்பறேன், வீட்ல எல்லாரும் சாப்ட்டு பாருங்க. பிடிக்கலன்னா வீடியோ வேணாம், அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். என்ன சொல்லணும்னு நாங்க எழுதித் தர மாட்டோம். போடறதுக்கு முன்னாடி விலை, அட்ரஸ், என்ன போட்டிருக்கோம்ங்கறது சரியான்னு மட்டும் ஒரு தடவ காட்டுங்க.

காசு வாங்கி செய்யறதால ‘விளம்பரம்’னு வீடியோல தெரியற மாதிரி போடணும். அந்த வீடியோவ எங்க பேஜ்லயும் மார்ச் வரைக்கும் வெச்சுக்கலாமா? காசு கட்டி பூஸ்ட் பண்றதா இருந்தா உங்ககிட்ட கேக்காம பண்ண மாட்டேன். வேற பேக்கரிக்கு செய்யக் கூடாதுன்னு எதுவும் இல்ல.

மழ, புயல்னா தேதி மாத்திக்கலாம், யார் மேலயும் தப்பு இல்ல. இஷ்டம் இல்லன்னா ‘வேணாம்’னு ஒரு வார்த்த போதும் சிஸ்டர்.”

நீளம்தான். குறைக்கலாமா என்று அவர் கேட்டார். பூஸ்ட் வரியை எடுத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. பக்கத்தில் சும்மா வைத்திருப்பது வேறு, பணம் கட்டி விளம்பரமாக ஓட்டுவது வேறு. இரண்டாவதில் அந்தப் பெண்ணின் முகம் அவரைப் பின்தொடராதவர்கள் போனிலெல்லாம் கேக் விற்றுக்கொண்டிருக்கும். அதற்குத் தனியாகப் பேச வேண்டும், தனியாகப் பணமும் தர வேண்டியிருக்கும்.

மாதிரி கேக்கை எப்படி அனுப்புவது என்பதில் ஒரு சின்ன ஆறுதல். நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் கிரீம் கேக் கொண்டு போனால், போய்ச் சேரும்போது ரோஜாப்பூ டப்பா மூடியில் ஒட்டியிருக்கும். ப்ளம் கேக்குக்கு அந்தக் கவலை இல்லை. தம்பி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் வைத்து, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டே போனார்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. “அண்ணா, அம்மா ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. பண்றேன். ரெண்டு மாத்தம். மார்ச் வரைக்கும் வேணாம், பொங்கல் வரைக்கும் வெச்சுக்கோங்க. ரேட் 4,500, எடிட்டிங் ஆப்புக்கு மாசம் கட்டறேன். அப்புறம் அடுப்பு பத்தவைக்கறது எத்தன மணிக்கு? அத எடுக்கணும்.”

தம்பி என்னைக் கேட்காமலே சரி என்று பதில் போட்டுவிட்டார். ஐந்நூறு ரூபாய் கூடியதால் முப்பத்திரண்டு இப்போது முப்பத்தாறு ஆகிவிட்டது என்பதை அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அட்வான்ஸாக 2,250 போயாகிவிட்டது. டிசம்பர் முதல் ஞாயிறு படப்பிடிப்பு, மழை விட்டால். மாஸ்டரிடமும் சொல்லியாயிற்று, அவர் அன்றைக்கு முடிவெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

நேற்று பன் வாங்கப் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் பேனா கட்டிய ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கேக் வாங்குகிறவர்களிடம் எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு ஆளுக்கு ஒரு கோடு போடுவதற்காம். ‘வீடியோ’, ‘தெரிஞ்சவங்க’, ‘சர்ச்சு’, ‘சும்மா போற வழி’ என்று நாலு கட்டம் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறார். எண்பது தீர்ந்தால் போர்டு வைப்பாராம், அதையும் சாக்பீஸில் எழுதித் திருப்பி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்